இன்னும் எத்தனை மணி நேரம்?

சிட்னியின் கெல்லிவில்லில் குடியிருக்கிறேன். மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் நார்வெஸ்ட். அங்கே பதினான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு கட்டமைப்புப் பொறியியல் கன்சல்டிங் அலுவலகத்தில் ஜாப் கணக்கு பார்க்கிறேன். சம்பளமும் வரியும் வேறொருவர் பொறுப்பு. ஒவ்வொரு ஜாபுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கினோம், எத்தனை போயிற்று, இன்னும் எத்தனை வேண்டும் என்பதை வாரந்தோறும் சரிபார்த்து, கைமீறப் போகும் ஜாபைப் பார்ட்னர்கள் மூவருக்கும் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை.

வாரக்கடைசியில் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளை விட்டுவிட்டு நிற்கும்போது, ஊரில் பி.காம். முடித்துப் புதிதாக வந்தவர்கள் இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. என்ன சாஃப்ட்வேர் படிக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. ஜீரோவோ மைஓபியோ எதுவானாலும் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று. அதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. 1983க்கு முன்பு கொழும்பில் கணக்கு அலுவலகம் ஒன்றில் இருந்தவர். சிட்னிக்கு வந்த பிறகு பரமட்டாவில் நெடுநாள் இதே வேலையைச் செய்தார். நான் அவரிடம் சேர்ந்தபோது கணினி வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருந்தார். செலவான மணி நேரத்தை மையால் எழுதுவார். இன்னும் தேவைப்படும் மணி நேரத்தைப் பென்சிலால் எழுதுவார். அந்தப் பென்சில் எண்ணை ஒவ்வொரு வாரமும் அழித்துவிட்டுப் புதிதாகக் கேட்டு எழுதுவார். பழைய எண்ணிலிருந்து இந்த வாரம் போனதைக் கழித்து எழுதிவிடலாமே என்று நான் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. கழித்து எழுதினால் அது கணக்குதான், செய்தி இல்லை என்பார்.

ஒரு பொறியாளரிடம் "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் பிள்ளை, எவ்வளவு முடிஞ்சுது எண்டு கேக்கிறீர்? ஆக்கள் வாயில வாற வீதத்தைச் சொல்லிப்போட்டுப் போவினம். இன்னும் எத்தினை மணித்தியாலம் வேணும் எண்டு கேளும். அதுக்கு அவை யோசிச்சுத்தான் சொல்லோணும்."

அவர் சொன்னது உண்மை. எவ்வளவு முடிந்தது என்று கேட்டால் எல்லோரும் எண்பது சதவீதம் என்பார்கள். அடுத்த வாரமும் எண்பதுதான், அதற்கடுத்த வாரம் எண்பத்தைந்து. இன்னும் எத்தனை மணி நேரம் என்று கேட்டால், அந்த ஆள் மீதி இருக்கும் வரைபடங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணியாக வேண்டும். எண்ணும்போதுதான் மறந்துபோன இரண்டு வேலைகள் நினைவுக்கு வரும்.

இனி ஒரு ஜாபையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். இடமும் ஆளும் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியே இருக்கிறது.

2019 மே மாதம் வடமேற்கு மெட்ரோ திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து நிலையங்களைச் சுற்றி அடுக்ககங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. எங்களைப் போன்ற சின்ன அலுவலகங்களுக்கு அவைதான் சோறு. அப்படி ஒரு நான்கு மாடிக் கட்டிடம், அடித்தளத்தில் கார் நிறுத்தம். பார்ட்னர் கொடுத்த ஃபீ புரபோசல் ஜி.எஸ்.டி. நீங்கலாக 60,000 டாலர், லம்ப்சம். இந்த 60,000ஐ அப்படியே பட்ஜெட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் 8,000 மண் பரிசோதனை செய்யும் வெளி நிறுவனத்துக்குப் போவது. நம் கைக்கு வருவது 52,000. அதிலும் பத்தில் ஒரு பங்கு, 5,200, பார்ட்னர் கையிருப்பாக நிறுத்திவைப்பார். வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும் பட்ஜெட் 46,800 டாலர்.

டாலரை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை, அதனால் அதை மணி நேரமாக்க வேண்டும். எங்கள் மணிக்கட்டணம் பார்ட்னருக்கு 260, சீனியருக்கு 200, பொறியாளருக்கு 150, டிராஃப்டருக்கு 120 டாலர். இந்த ஜாபுக்குப் பார்ட்னர் 20 மணி நேரம், சீனியர் 64, பொறியாளர் 120, டிராஃப்டர் 90 என்று பிரித்தோம். ஆக 294 மணி நேரம். பெருக்கிக் கூட்டினால் சரியாக 46,800 வரும். ஆள்நிலை வாரியாக இந்தப் பிரிவினை இல்லாமல் வெறும் 294 என்று எழுதிவைக்கும் அலுவலகங்கள் உண்டு. அங்கே என்ன கோளாறு வரும் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இந்தத் தொழிலின் மூலப்பொருள் டைம்ஷீட். அது கெட்டால் மேலே என்ன செய்தும் பயனில்லை. அன்றன்றைக்கு எழுதிய டைம்ஷீட்டுக்கும் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதற்கும் வித்தியாசம் பார்த்தாலே தெரியும். அன்றன்றைக்கு எழுதியதில் ஒன்றே கால், முக்கால், இரண்டரை என்று உடைந்த எண்கள் இருக்கும். ஒரு நாளில் நான்கைந்து ஜாப் வரும். வெள்ளிக்கிழமை எழுதியதில் நாலு, நாலு, எட்டு, எட்டு என்று முழு எண்களாக நிற்கும். சின்ன ஜாப்களும் தொலைபேசிப் பேச்சுகளும் காணாமல் போயிருக்கும். வக்கீல் அலுவலகங்களில் ஆறு நிமிடத்துக்கு ஓர் அலகு என்று எழுதுகிறார்கள். எங்களுக்குக் கால் மணி நேரம் போதும். அதைவிட நுணுக்கினால் எழுதுகிறவர் சலித்துப்போய்க் கற்பனை செய்ய ஆரம்பிப்பார்.

எண்ணைவிட முக்கியம் அதன் பக்கத்தில் எழுதும் குறிப்பு. "வடிவமைப்பு" என்று ஒற்றைச் சொல் எழுதினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. "அடித்தளத் தூண் இடம் மாற்றம், கட்டிடக் கலைஞர் அனுப்பிய திருத்தம் சி" என்று எழுதினால், மூன்று மாதம் கழித்தும் அந்த மணி நேரத்துக்குக் காசு கேட்கலாம். புதிதாகச் சேரும் பொறியாளர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். யார் கேட்டு, எதை, ஏன் செய்தீர்கள் என்பது அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும்.

எங்கள் வாரம் ஞாயிறோடு முடிகிறது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு டைம்ஷீட் வராதவர்களின் மேசைக்கே போய் நிற்பேன். மின்னஞ்சல் அனுப்பினால் மதியம் வரை பதில் வராது. பத்து மணிக்குக் கணக்கை மூடிவிடுவேன். செலவான மணி நேரத்தைக் கூட்ட எக்செலில் இந்த ஒரு வரி போதும். `H1` கட்டத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி இருக்கும்.

```
=SUMIFS(Hrs, Job, $A2, Grade, $B2, WorkDate, "<="&$H$1)
```

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. போன வாரத்து வேலையை இந்த வாரம் பதிவு செய்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருப்பார்கள். அவர்கள் பதிந்ததும் பழைய வாரத்தின் கூட்டுத்தொகையும் சத்தமில்லாமல் மாறிவிடும். போன திங்களன்று பார்ட்னரிடம் 118 என்று சொன்ன எண், இந்தத் திங்களன்று அதே தேதிக்கு 124 என்று காட்டும். அதனால் ஒவ்வொரு திங்களும் மூடிய எண்களை மதிப்பாக மட்டும் ஒட்டித் தனித்தாளில் வைத்துவிடுவேன். அடுத்த வாரம் இரண்டையும் ஒப்பிட்டால் தாமதமாக வந்த மணி நேரம் எத்தனை, யாரிடமிருந்து வந்தது என்று தெரியும். ஒரே ஆளிடமிருந்து வாராவாரம் ஐந்தாறு மணி நேரம் தாமதமாக வருகிறதென்றால், அவர் பெயர் உள்ள எல்லா ஜாபிலும் அந்த அளவைக் கூட்டியே மனதில் வைத்துக்கொள்வேன்.

பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கேள்வி நேரம். எல்லா ஜாபுக்கும் கேட்பதில்லை. அந்த வாரம் மணி நேரம் ஏறிய ஜாப்களுக்கும், ஏறியிருக்க வேண்டியும் ஏறாத ஜாப்களுக்கும் மட்டும் கேட்பேன். கேட்கும்போது சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். பட்ஜெட்டில் மீதி எவ்வளவு என்று முதலில் காட்ட மாட்டேன். காட்டினால் அதே எண்ணைத் திருப்பிச் சொல்வார்கள். "இருபத்திரண்டு மணி நேரம்தான் இருக்கு, போதுமா?" என்று கேட்டால் தயங்கிக்கொண்டே "போதும்" என்று வரும். வெறுமனே "இதை முடிக்க இன்னும் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால் முப்பத்தைந்து என்று வரும். அந்த முப்பத்தைந்துதான் எனக்கு வேண்டும். அதே போல மேற்பார்க்கிறவரிடம் கேட்பதைவிட வேலை செய்கிறவரிடமே கேட்பது நல்லது. பார்ட்னர் எப்போதும் தான் அந்த வயதில் எவ்வளவு வேகமாகச் செய்வேன் என்ற கணக்கில் சொல்வார்.

பதில் வந்ததும் அடுத்து ஒரு கேள்வி கேட்பேன்: "அதுல யாருக்காகக் காத்திருக்கீங்க?" கட்டிடக் கலைஞரின் வரைபடம் வரவில்லை, மண் அறிக்கை வரவில்லை என்று ஏதாவது சொன்னால் அந்த ஜாபின் மீதி எண்ணை நான் முழுதாக நம்ப மாட்டேன். வராத தகவல் வந்த பிறகு செய்ததையே மறுபடி செய்ய நேரும்.

இப்போது அந்த நான்கு மாடிக் கட்டிடத்தின் ஆறாவது வாரத்துக்கு வருவோம். பதின்மூன்று வாரத்தில் முடிய வேண்டிய ஜாப். பார்ட்னர் 6 மணி நேரம், சீனியர் 52, பொறியாளர் 41, டிராஃப்டர் 30, ஆக 129 மணி நேரம் போயிருந்தது. 294இல் அது 44 சதவீதம். டாலரில் 21,710, அதாவது 46 சதவீதம். காலமும் பதின்மூன்றில் ஆறு, அதுவும் 46 சதவீதம். வாடிக்கையாளருக்குப் பாதிக் கட்டணத்துக்கு இன்வாய்ஸ் அனுப்பும் கட்டமும் நெருங்கியிருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜாப் நன்றாக ஓடுவது போலவே இருந்தது. அலுவலக மென்பொருளும் பச்சை நிறம் காட்டியது.

எனக்குக் கண்ணில் பட்டது சீனியரின் வரி. 64இல் 52 போய்விட்டது, 81 சதவீதம். பாதி தூரத்தில் சீனியரின் நேரம் தீர்ந்துகொண்டிருக்க, பொறியாளரும் டிராஃப்டரும் மூன்றில் ஒரு பங்கிலேயே நின்றார்கள். கூட்டுத்தொகையில் ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது. சீனியர் நேரம் முன்னதாகவே கரைவதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். பொறியாளருக்குக் கொடுக்க வேண்டியதைச் சீனியரே செய்கிறார் என்றால், கீழே மணி நேரம் மிஞ்சும், ஆனால் ஒவ்வொரு மணிக்கும் ஐம்பது டாலர் கூடப் போகும். அல்லது வடிவமைப்பே மாறிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கீழே உள்ளவர்கள் இன்னும் சரியாக ஆரம்பிக்கவே இல்லை. இதில் எது என்று கணக்கில் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

கேட்டேன். சீனியருக்கு இன்னும் 30 மணி நேரம் வேண்டும், பொறியாளருக்கு 95, டிராஃப்டருக்கு 70, பார்ட்னருக்கு 14. மீதி மட்டும் 209 மணி நேரம், 32,290 டாலர். ஏற்கெனவே போன 21,710ஐச் சேர்த்தால் 54,000. பட்ஜெட்டை 7,200 மீறுகிறது. கையிருப்பையும் தின்றுவிட்டு இன்னும் 2,000 கேட்கிறது. மணி நேரத்தில் 294 என்றது 338 ஆகிறது.

டைம்ஷீட் குறிப்புகளைத் திருப்பினேன். நல்ல வேளையாக அந்தச் சீனியர் ஒழுங்காக எழுதுகிறவர். அடித்தளக் கார் நிறுத்தத்தின் அமைப்பைக் கட்டிடக் கலைஞர் இரண்டு முறை மாற்றியிருந்தார். ஒவ்வொரு முறையும் தூண்கள் நகர்ந்தன. தூண் நகர்ந்தால் மேலே சுமை மாற்றும் விட்டமும் மாறும். அதனால் செய்ததும் இனி செய்ய வேண்டியதுமாக சீனியருக்கு 13 மணி நேரம், பொறியாளருக்கு 16, டிராஃப்டருக்கு 10 கூடியது. மொத்தம் 6,200 டாலர்.

மீதி 1,000 வேறு வகை. நியூ சவுத் வேல்ஸில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, வடிவமைப்பாளர்களையும் கட்டுநர்களையும் பற்றியது. 2021 ஜூலை 1 முதல் அடுக்ககங்களுக்கான வரைபடங்களை, பதிவு பெற்ற வடிவமைப்பாளர் உறுதிமொழி கொடுத்த பிறகே அரசு இணையவாயிலில் சேர்க்க முடியும். அதற்கென்று தாள் தலைப்பை நிரப்பி, ஒவ்வொரு தாளையும் சரிபார்க்க நேரம் போகிறது. எங்கள் பார்ட்னர் பட்ஜெட் போட்டபோது அந்தச் சட்டத்துக்கு முந்தைய ஒரு ஜாபின் பிரிவினையைப் பார்த்து எழுதியிருந்தார். அதில் இந்த வேலைக்கு இடமே இல்லை. சீனியருக்கு 5 மணி நேரம், அதுதான் அந்த 1,000.

இந்தப் பிரிப்பைச் செய்யாமல் "7,200 மீறுகிறது" என்று மட்டும் பார்ட்னரிடம் போனால் அது வெறும் கெட்ட செய்தி. பிரித்துக்கொண்டு போனால், 6,200ஐ வாடிக்கையாளரிடம் கேட்கலாம், 1,000 நம் கணக்கில்தான் போகும், அடுத்த புரபோசலில் அதைச் சேர்க்க வேண்டும் என்பது வரை தெளிவாகிவிடும். மீறும் தொகை எப்போதும் மூன்று வகைக்குள் அடங்கும்: வாடிக்கையாளர் பக்கம் மாற்றியது, நாம் குறைவாக மதிப்பிட்டது, நாம் தவறாகச் செய்து திருத்தியது. வகை தெரியாத மீறலைக் கொடியிடுவதற்கு முன் இன்னும் அரை மணி நேரம் செலவழித்தாவது கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கள் மதியம் ஒரு மணிக்குள் பார்ட்னர்களுக்கு ஒரு பக்கம் போகும். ஒரே பக்கம்தான். அப்போது நாற்பது ஜாப் ஓடிக்கொண்டிருந்தாலும் அதில் ஐந்துக்கு மேல் இருக்காது. எல்லாவற்றையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமடித்து அனுப்பினால் இரண்டு வாரம் பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் திறக்க மாட்டார்கள். அந்த அம்மா பார்ட்னர் அறைக்குள் போகும்போது மஞ்சள் அட்டைக் கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு போனதே இல்லை. பேச வேண்டிய மூன்று நான்கு அட்டைகளை மட்டும் உருவிக்கொண்டு போவார்.

எதைக் கொடியிடுவது என்பதற்குச் சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது. முப்பது மணி நேர ஜாபில் நான்கு மணி நேரம் கூடினாலே பதின்மூன்று சதவீதம். அதற்காகப் பார்ட்னர் ஃபோனை எடுக்கத் தேவையில்லை. ஐந்நூறு மணி நேர ஜாபில் எட்டு சதவீதம் என்றால் நாற்பது மணி நேரம், ஒரு ஆளின் ஒரு வாரத்துக்கும் மேல். அதனால் எங்கள் விதி இப்படி: முடிவு மதிப்பீடு பட்ஜெட்டை இருபது மணி நேரம் மீறினால் கொடி, மீறாவிட்டாலும் ஏதாவது ஓர் ஆள்நிலையின் நேரம் முக்கால் பங்கு கரைந்து வேலை பாதிகூட முடியாமல் இருந்தால் கொடி. இரண்டாவது விதிதான் அந்த நான்கு மாடியைப் பிடித்தது.

கொடி வரியை எழுதுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அந்த வாரம் நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "முடிவு மதிப்பீடு 54,000, பட்ஜெட் 46,800. அடித்தளம் இரு முறை மாறியது 6,200, உறுதிமொழி வேலை பட்ஜெட்டில் இல்லை 1,000. வேரியேஷன் கேட்கலாமா? வியாழனுக்குள் முடிவு வேண்டும், வெள்ளியன்று டிராஃப்டர் அடித்தளத் தாளை ஆரம்பிக்கிறார்." எவ்வளவு, ஏன், என்ன முடிவு, எந்த நாளுக்குள். இந்த நான்கும் இருந்தால் பார்ட்னரால் தட்டிக்கழிக்க முடியாது. நாள் குறிப்பிடும்போது அந்த நாளுக்கு ஒரு காரணமும் வேண்டும். வெள்ளியன்று வேலை தொடங்கிவிட்டால் பிறகு கேட்பதற்கு நம் கையில் பிடி இல்லை.

செவ்வாய் காலை கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினார்கள். ஜாபைப் பார்க்கும் பார்ட்னர் கட்டிடக் கலைஞரோடு நெருக்கமானவர், கேட்கத் தயங்கினார். மூத்தவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திருத்தம் பி எந்தத் தேதி, திருத்தம் சி எந்தத் தேதி என்று மட்டும் கேட்டார். இரண்டும் குறிப்புகளில் இருந்தன. புதன்கிழமை வேரியேஷன் கடிதம் போயிற்று. பேசிப் பேசி 5,000க்கு ஒத்துக்கொண்டார்கள். ஆக அனுமதித்த பட்ஜெட் 51,800, மீறல் 2,200, கையிருப்பில் 3,000 மிஞ்சியது.

இதை ஆறாவது வாரத்தில் கேட்டதால்தான் கிடைத்தது. திருத்தம் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, கட்டிடக் கலைஞருக்கும் நினைவிருந்தது. பதின்மூன்றாவது வாரத்தில் கேட்டிருந்தால் "அதெல்லாம் சாதாரண ஒருங்கிணைப்புதானே" என்று சொல்லியிருப்பார்கள். இந்த மாநிலத்தில் 1999ஆம் ஆண்டின் கட்டுமானப் பணம் பாதுகாப்புச் சட்டம் எங்களைப் போன்ற வடிவமைப்பு ஆலோசகர்களுக்கும் உதவுகிறது. முறையாகக் கோரினால் எதிர்த்தரப்பு பத்து வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கோரிக்கையின் பின்னால் தேதியும் ஆளும் காரணமும் உள்ள டைம்ஷீட் நிற்க வேண்டும். சட்டம் வரை போகாமல் முடிவதற்கும் அதுவே துணை.

அதன்பிறகு எல்லா ஜாபிலும் 'வி' என்று ஒரு தனி வேலைக்குறி திறந்துவைக்கிறோம். ஸ்கோப்பில் இல்லாத எதை யார் கேட்டாலும், காசு கிடைக்குமா என்று தெரியாத அந்த நிமிடத்திலேயே, அந்த மணி நேரம் 'வி'யில் விழும். வேரியேஷன் ஒப்புதலானால் அனுமதித்த பட்ஜெட்டில் புது வரியாகச் சேரும். முதல் பட்ஜெட்டின் மேல் யாரும் எழுதக் கூடாது. 46,800 கடைசி நாள் வரை 46,800ஆகவே நிற்கும். முதல் எண்ணைத் திருத்திக்கொண்டே போகும் அலுவலகத்தில் எல்லா ஜாபும் பட்ஜெட்டுக்குள்ளேயே முடியும், பார்ட்னர்களுக்கு மட்டும் வருமானம் இருக்காது.

பார்ட்னர்கள் சில கொடிகளுக்கு "இருக்கட்டும், தாங்கிக்கொள்வோம்" என்பார்கள். புது வாடிக்கையாளர், பெரிய வேலை பின்னால் வருகிறது என்று காரணம் இருக்கும். அதுவும் முடிவுதான். தேதி போட்டு, எவ்வளவு வரை தாங்குவது என்று எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்வேன். எண் இல்லாத பொறுமைக்கு எல்லை கிடையாது.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்ஜெட்டுக்கு மிகச் சரியாக முடிந்த ஜாபைக் கண்டால் நான் நின்று பார்ப்பேன். 90 மணி நேரம் ஒதுக்கினோம், 90தான் போயிற்று என்றால் யாரோ மணி நேரத்தை மறைத்திருக்கிறார்கள். இளம் பொறியாளர்கள், அதிலும் விசாவில் வந்த நம் பிள்ளைகள், மெதுவாக வேலை செய்கிறோம் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து இதைச் செய்கிறார்கள். வீட்டில் இரவு உட்கார்ந்து முடித்துவிட்டு எழுதாமல் விடுவார்கள். அல்லது மணி நேரம் மிச்சமிருக்கும் வேறொரு ஜாபில் போட்டுவிடுவார்கள். அல்லது அலுவலக நிர்வாகம் என்ற குறியில் தள்ளுவார்கள். அடையாளங்கள் உண்டு. ஒருவரின் நிர்வாக நேரம் வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மணி இருந்து, ஜாப் முடியும் வாரங்களில் மட்டும் எட்டாகும். முடிந்துபோன பழைய ஜாபில் திடீரென்று மூன்று மணி நேரம் ஏறும். வரைபடக் கோப்பு சேமித்த நேரம் இரவு பதினொன்று என்றிருக்கும், டைம்ஷீட்டில் அன்றைக்கு 7.6 மணி நேரம் மட்டும் இருக்கும்.

இதனால் யாருக்கு நட்டம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. 90 என்று முடிந்த கணக்கைப் பார்த்துத்தான் பார்ட்னர் அடுத்த புரபோசலிலும் 90 போடுவார். உண்மையில் 115 தேவைப்பட்ட வேலை. அடுத்த முறையும் அதே பிள்ளை இரவில் உட்கார வேண்டியிருக்கும். அப்படி ஒருவரைக் கண்டால் நான் தாளில் எழுத மாட்டேன், கூட்டத்தில் பேசவும் மாட்டேன். தனியாகக் கூப்பிட்டு, அவர் சேமித்த கோப்புகளையும் டைம்ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தம்பி, செஞ்சதை எழுதுங்க. கூடினா அதுக்கு நான் பேசிக்கிறேன்" என்பேன். பிறகு அவர் எழுதிய மணி நேரத்துக்காக யாரும் அவரைக் கடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை கடிந்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு அந்த மேசையிலிருந்து உண்மையான எண் வராது. வாரக் கூட்டத்தில் ஆளின் பெயரைச் சொல்லாமல் ஜாபின் பெயரை மட்டும் சொல்லும் வழக்கம் எங்களிடம் வந்தது இதனால்தான்.

மறைப்பது இளையவர்கள் மட்டுமில்லை. பார்ட்னர்கள் தங்கள் நேரத்தை எழுதுவதே இல்லை. காரில் போகும்போது வாடிக்கையாளரோடு அரை மணி நேரம் பேசுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கணக்கீட்டைச் சரிபார்ப்பார்கள், எதுவும் பதியாது. ஒரு ஜாபில் பார்ட்னர் நேரம் ஆறு வாரமும் சுழியமாக இருந்தால் அந்த ஜாபின் லாபம் பொய். நான் திங்கள் காலை அவர்களுடைய நாள்காட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்புக்கும் எந்த ஜாப் நம்பர் என்று கேட்டு நானே பதிகிறேன். பத்து நிமிட வேலை.

ஜூன் மாதம் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நிதியாண்டு 30ஆம் தேதி முடிவதால் முடிந்த அளவு இன்வாய்ஸ் அனுப்பிவிட அவசரப்படுவார்கள். எழுபது சதவீதம் பில் போட்டாயிற்று என்பதாலேயே எழுபது சதவீதம் வேலை முடிந்ததாக ஜூலையில் எல்லோரும் நம்ப ஆரம்பிப்பார்கள். பில் போட்டதை என் தாளில் நான் சேர்ப்பதே இல்லை. மணி நேரம் வேறு, இன்வாய்ஸ் வேறு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் கண் நல்ல எண்ணைத்தான் பிடிக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மண் தோண்டிய பிறகு பாறை தெரிந்தால், வாடிக்கையாளர் திவாலானால், எந்தத் தாளும் ஒரு வாரம் முன்னால் சொல்லாது. பத்து மணி நேரத்துக்குள் முடியும் துண்டு வேலைகளுக்கு வாரக் கணக்கே பொருந்தாது. நாம் பார்ப்பதற்குள் முடிந்திருக்கும். அவற்றுக்கு நிலைக் கட்டணம் வைத்துவிட்டு மாதம் ஒருமுறை மொத்தமாகப் பார்த்தால் போதும்.

அந்த நான்கு மாடி ஜாப் 53,400இல் முடிந்தது. மதிப்பீட்டைவிட 600 குறைவு. அதன்பிறகு போகும் எல்லா அடுக்கக புரபோசலிலும் உறுதிமொழி வேலைக்கென்று தனி வரி இருக்கிறது, சீனியருக்கு 6 மணி நேரம்.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் நேர்முகத்துக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு வாரம் உங்கள் சொந்த வேலையைக் கால் மணி நேரக் கணக்கில், அன்றன்றைக்கு, ஒரு வரிக் குறிப்போடு எழுதுங்கள். ஒவ்வொரு மாலையும், மீதி வேலைக்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று நேற்றைய எண்ணைப் பார்க்காமல் பென்சிலால் எழுதுங்கள். அந்தத் தாளை நேர்முகத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.